கறிக்கடையில் கண்ணை விட மூக்கை நம்புங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை கறிக்கடையில் ஒரு தொடை தொங்குகிறது. வெளிப்புறம் லேசாகப் பழுப்பு. "நேத்து வெட்டினதோ?" என்று சந்தேகம் வரும். "அண்ணே, அதுல ஒரு துண்டு ஆழமா வெட்டிக் காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே ஊதா கலந்த கருஞ்சிவப்பாக இருக்கும். கால் மணி, அரை மணி காற்றுப் பட்டால் அதுவே பளிச்சென்று சிவந்துவிடும்.

தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம்தான் இதற்குக் காரணம். ஆக்சிஜன் கிடைக்காதபோது ஊதா, கிடைத்தால் சிவப்பு, நேரம் போகப் போக ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பு. ஆக, நிறம் பெரும்பாலும் காற்றுப்பட்ட கதையைத்தான் சொல்கிறது. பழுப்பு வந்ததாலேயே கறி கெட்டுவிட்டது என்று ஆகாது. பச்சை படர்ந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள். கோழியில் நிறம் இன்னும் ஏமாற்றும். தோலின் மஞ்சளுக்குத் தீனியில் இருந்த மக்காச்சோளம் காரணமாக இருக்கலாம். வாட்டிய நாட்டுக்கோழி என்றால் கடைக்காரர் தடவிய மஞ்சள்தூளாகவும் இருக்கலாம்.

மூக்கு சொல்வது வேறு கதை, பாக்டீரியாக்களின் கதை. அவை முதலில் கறியில் மிச்சமிருக்கும் குளுக்கோஸைத் தின்னும். அதுவரை பெரிதாக நாற்றம் வராது. அது தீர்ந்ததும் புரதத்தின் அமினோ அமிலங்களில் கை வைக்கும். அமோனியா, கந்தகச் சேர்மங்கள் எல்லாம் அப்போதுதான் கிளம்பும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 கோடி பாக்டீரியா சேரும்போது நாற்றம் தெரியும். 10 கோடியை நெருங்கும்போது பிசுபிசுக்கும். ஆயிரத்தில் தொடங்கி மணிக்கு ஒருமுறை இரட்டித்தால், 1 கோடியைத் தொட 13 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஆகும், அவ்வளவுதான். நம் ஊர் வெயிலில் வெளியே தொங்கும் கறிக்கு இது நடக்கக்கூடிய கணக்குதான். குளிரில் வைத்தால் இதே பயணத்துக்கு நாட்கள் ஆகும்.

புதுக் கறிக்கும் கவுச்சி உண்டு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். புளிப்பா, அழுகிய முட்டை நெடியா என்று பாருங்கள். கோழியை முகர்வதானால் இறக்கையின் மடிப்பிலும் வயிற்றுக் குழியிலும் முகருங்கள். தண்ணீரில் அலசினால் மேலே உள்ள வழவழப்பு போய்விடும், மடிப்புக்குள் அவ்வளவு எளிதில் போகாது.

அப்புறம் விரல். அழுத்தினால் குழி விழுந்து நிரம்ப வேண்டும். குழி அப்படியே நின்றால், கையில் நூல்போல இழுத்தால், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஈரமாக இருப்பது வேறு, ஒட்டுவது வேறு. ஆனால் ஆடு ஓட்டத்திலும் பயத்திலும் தசையின் சர்க்கரையைச் செலவழித்துவிட்டு வெட்டுப்பட்டிருந்தால், அன்றைய கறியே கருத்து, லேசாக ஒட்டும். அது கெட்டதல்ல, ஆனால் பாக்டீரியாவுக்குத் தின்ன குளுக்கோஸ் குறைவு என்பதால் சீக்கிரம் நாறும். வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

கொத்துக்கறியில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் சரிவராது. பழசும் புதுசும் கலந்தால் யாருக்கும் தெரியாது. கண் முன்னே கொத்தச் சொல்லுங்கள். சால்மோனெல்லா போன்ற நோய்க்கிருமிகளோ நாறாது, ஒட்டாது, நிறமும் மாற்றாது; அதற்கு அடுப்பில் நன்றாக வேகவைப்பது ஒன்றே வழி.