டிரான்ஸ்மிட்டர் 5 மீட்டர் என்கிறது, திரை 5.5 காட்டுகிறது: யாரை நம்புவது?

எண்ணூர் பக்கம் ஒரு ஆலை. டிசம்பர் மழை விட்ட மறுநாள் காலை, தண்ணீர்த் தொட்டியின் மட்டம் கன்ட்ரோல் ரூம் திரையில் 5.5 மீட்டர் என்று நின்றது. தொட்டியில் மட்டத்தை அளந்து, அதைக் கரண்டாக ஒயர் வழியே பேனலுக்கு அனுப்புவது டிரான்ஸ்மிட்டர். தண்ணீரை நேராகக் கண்ணுக்குக் காட்டும், தொட்டியோடு ஒட்டிய கேஜ் கிளாஸில் 5 தான் இருந்தது. என்னோடு வந்த டெக்னீஷியன் தம்பி, டிரான்ஸ்மிட்டரோடு பேசும் கையடக்கக் கருவியான கம்யூனிகேட்டரை எடுத்தபடி கேட்டார்: "டிரான்ஸ்மிட்டர் டிரிஃப்ட் ஆயிடுச்சு சார், டிரிம் பண்ணிடட்டுமா?" அளவு விலகிவிட்டது, திருத்தி அமைக்கட்டுமா என்பது அவர் கேள்வி.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. முதல்ல அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்" என்றேன்.

கம்யூனிகேட்டரில் வந்த மட்டம் 5.0 மீட்டர், லூப் கரண்ட், அதாவது டிரான்ஸ்மிட்டரையும் பேனலையும் இணைக்கும் ஒயர்ச் சுற்றில் ஓடும் கரண்ட், 12.00 மில்லி ஆம்பியர். அந்தத் தொட்டிக்கு 4 மில்லி ஆம்பியர் என்றால் 0 மீட்டர், 20 என்றால் 10 மீட்டர். அப்படியென்றால் 12க்கு 5 மீட்டர் சரிதான். ஆனால் பேனலில் மல்டிமீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தால் 12.80. டிரான்ஸ்மிட்டர் 12 அனுப்புகிறது, பேனலுக்கு 12.8 வந்து சேருகிறது. இடையில் யாரோ 0.8 சேர்க்கிறார்கள்.

ஒரே ஜோடி ஒயரில் இரண்டு விதமான பேச்சு நடப்பதால்தான் இதைக் கண்டுபிடிக்க முடிகிறது. 4–20 கரண்ட் மெதுவாக ஏறி இறங்குகிறது. அதன் மேல், கம்யூனிகேட்டர் பேசும் டிஜிட்டல் மொழியான ஹார்ட் ஒரு சின்ன அலையை ஏற்றுகிறது, மேலும் கீழுமாக அரை மில்லி ஆம்பியர். 1200 ஹெர்ட்ஸ் வந்தால் 1, 2200 வந்தால் 0. அலையின் சராசரி பூஜ்யம் என்பதால் மட்டத்தின் அளவு கெடுவதில்லை. வழியில் கரண்ட் கொஞ்சம் கசிந்து கூடினாலும் அலையின் அதிர்வெண் மாறாது. அதனால் எண்ணாக வந்த 5.0 பிழையில்லாமல் வந்தது, கரண்டாக வந்த அளவு மட்டும் கெட்டது. ஒன்றை நினைவில் வையுங்கள்: ஹார்ட்டில் வரும் 12.00 என்பது பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களில் தான் அனுப்ப நினைத்த அளவு. பேனலுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை நம்முடையது.

லூப்பை மேனுவலில் போடச் சொல்லிவிட்டு, கம்யூனிகேட்டரில் லூப் டெஸ்ட் எடுத்தோம், அதாவது டிரான்ஸ்மிட்டரைக் குறிப்பிட்ட கரண்டை அனுப்பச் சொன்னோம். 4 கேட்டால் பேனலில் 4.88 வந்தது. 12க்கு 12.80, 20க்கு 20.72. இதை நிதானமாகப் பாருங்கள்: கூடுதல் கரண்ட் மேலே போகப் போகக் குறைகிறது. சப்ளை 24 வோல்ட், லூப்பில் 250 ஓம் ரெசிஸ்டர். கரண்ட் கூடினால் ரெசிஸ்டர் அதிக வோல்ட்டேஜ் தின்கிறது, டெர்மினலில் மிஞ்சுவது குறைகிறது, அதனால் கசிவும் குறைகிறது. டெர்மினலுக்குக் குறுக்கே சுமார் 26,000 ஓம் ஒன்று உட்கார்ந்திருந்தால் இந்த மூன்று எண்களும் அப்படியே வரும். டிரான்ஸ்மிட்டரின் எலக்ட்ரானிக்ஸில் சாதாரண டிரிஃப்ட் என்றால் பிழை இப்படி வோல்ட்டேஜோடு சேர்ந்து இறங்காது.

பெர்மிட் வாங்கி, லூப் சப்ளையை நிறுத்தி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். கேபிள் உள்ளே நுழையும் வாயை அடைக்கும், மேலே பார்த்திருந்த கேபிள் கிளாண்ட் தளர்ந்து, டெர்மினல் வரிசையில் உப்பு கலந்த ஈரம் பச்சை பூத்துக் கிடந்தது. கடற்காற்று படும் இடத்தில் மழைத் தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே போதும். டெர்மினலைச் சுத்தம் செய்து காயவைத்து, கிளாண்டைக் கீழ்ப்புறமாக மாற்றிப் போட்டோம். மறுபடி டெஸ்ட்: 4.00, 12.00, 20.00.

தம்பி டிரிம் செய்திருந்தால் திரையும் கேஜும் அன்று ஒத்துப்போயிருக்கும். வெயில் அடித்து பாக்ஸ் காய்ந்ததும் திரை அரை மீட்டர் குறைவாகக் காட்டும். அப்போது இன்னொருவர் இன்னொரு டிரிம் செய்வார்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. அந்தத் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுக்கும் பம்ப், மட்டம் 0.5 மீட்டருக்கு இறங்கினால் நிற்க வேண்டும். தொட்டி முழுக்க காலியானாலும் கசிவோடு 4.88 வரும், திரையில் 0.55 மீட்டர். பம்பை நிறுத்தும் டிரிப் வராது, பம்ப் தண்ணீரில்லாமல் ஓடும். டிரான்ஸ்மிட்டரே பழுதாகி, பழுதைச் சொல்ல 3.6க்கு இறங்கினாலும், பேனலுக்கு 4.5 வரும். அது பழுதாகத் தெரியாது, மட்டம் குறைந்தது போலத்தான் தெரியும்.

பேனல் பக்கத்தில் சிக்னலை வாங்கும் கார்டுகளில், இந்த ஒப்பீட்டைத் தானாகவே செய்யும் ஹார்ட் கார்டுகள் உண்டு. பழைய கார்டுகள் இந்த அலையைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படிப்பட்ட ஆலை என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு நடுவிலேயே ஒரு நாள் முக்கியமான லூப்புகளுக்குக் கம்யூனிகேட்டரோடு போங்கள். அதை ரெசிஸ்டருக்குக் குறுக்கேயோ டிரான்ஸ்மிட்டர் டெர்மினலிலோ மாட்டுங்கள். சப்ளையின் மேல் மாட்டினால் சப்ளை அலையை விழுங்கிவிடும், பேச்சு வராது. ஹார்ட் சொல்லும் கரண்டையும் பேனலில் அளந்த கரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் 0.1 மில்லி ஆம்பியரைத் தாண்டினால், டிரிம் மெனுவுக்குப் போகும் முன் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள்.