பிழை வரம்பு ±3 என்றால் என்ன? 2016 தமிழகத் தேர்தலை வைத்து ஒரு கணக்கு

2016 மே 16 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு முடிந்த கையோடு டிவியில் எக்ஸிட் போல் வரத் தொடங்கியது. ஆக்சிஸ் மை இந்தியா திமுக கூட்டணிக்கு 124 முதல் 140 இடம் என்றது. டுடேஸ் சாணக்யா 140, கூடக்குறைய 11 என்றது. சி-வோட்டர் அதிமுகவுக்கு 139 என்று எதிர்த்திசையில் நின்றது. மே 19 அன்று எண்ணி முடித்தபோது, தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக கூட்டணி 98. கணிப்பாளர்கள் காசு வாங்கிவிட்டார்கள் என்று ஒரு கூட்டம் திட்டியது, அவர்களுக்குக் கணக்கே தெரியாது என்று இன்னொரு கூட்டம் சிரித்தது. கருத்துக்கணிப்புக்கு சாம்பிள் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால், அந்தத் தேர்தலை நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது இடங்களை அல்ல, வாக்குகளை. அதிமுகவுக்கு 40.8 சதவீதம், திமுக கூட்டணிக்குக் கிட்டத்தட்ட 39.8. நடுவில் ஒரே ஒரு சதவீதம். நூறில் அரை ஆள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் வாக்கில் இருவரும் சமம். ராதாபுரத்தில் அதிமுக ஜெயித்தது 49 வாக்கில். இந்த ஒரு சதவீதத்தை ஒரு கணிப்பால் பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி.

பிழை வரம்புக்கு நாங்களே பயன்படுத்தும் குறுக்குக் கணக்கு ஒன்று உண்டு. நூறை, சாம்பிளில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுங்கள். ஆயிரம் பேர் என்றால் சுமார் 3, இரண்டாயிரத்து ஐந்நூறு என்றால் 2, பத்தாயிரம் என்றால் 1. அதாவது இதே மாதிரி கணிப்பை நூறு முறை எடுத்தால் சுமார் 95 முறை உண்மையான சதவீதம் அந்த எல்லைக்குள் இருக்கும், மீதி ஐந்து முறை இருக்காது, அதில் யார் குற்றமும் இல்லை. இதில் தமிழ்நாட்டின் மொத்த வாக்காளர் எத்தனை கோடி என்ற எண் வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். 'ஆறு கோடி ஜனத்துக்கு ஆயிரம் பேரைக் கேட்டால் போதுமா?' என்று எல்லாரும் கேட்கிறார்கள், அது தப்பான சந்தேகம். ஆயிரம் பேரும் எந்தச் சாய்வும் இல்லாமல் குலுக்கலில் வந்தவர்களாக இருந்தால் ஆறு கோடிக்கும் போதும், அறுபது கோடிக்கும் போதும். அப்படிக் குலுக்கலில் வந்தவர்களா என்றுதான் சந்தேகப்பட வேண்டும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ±3 என்பது ஒரு கட்சியின் சதவீதத்துக்கு மட்டும். இரண்டு கட்சிக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு அல்ல. இருவர் மட்டும் வாக்குகளை ஏறத்தாழ பங்கு போட்டுக்கொள்ளும் தேர்தலில், ஒருவருக்குத் தவறுதலாகக் கூடுகிற ஆள் பெரும்பாலும் மற்றவரிடமிருந்து குறைகிறவர்தான். அதனால் வித்தியாசத்தின் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். ஐயாயிரம் பேர் சாம்பிளில் ஒரு கட்சிக்குப் பிழை 1.4 புள்ளி, வித்தியாசத்துக்கு 2.5 புள்ளி. உண்மையான வித்தியாசம் 1. ஆக, ஒரு பிசகும் இல்லாமல் ஐயாயிரம் பேரிடம் கேட்டிருந்தாலும் 'அதிமுக மூன்றரை முன்னிலை' என்றும் வரலாம், 'திமுக ஒன்றரை முன்னிலை' என்றும் வரலாம். ஒரு புள்ளி வித்தியாசத்தை உறுதியாகப் பிடிக்க முப்பத்தோராயிரம் பேர் வேண்டும். அதுவும் முழுக் குலுக்கலில்.

முழுக் குலுக்கல் என்பது பாடப்புத்தகத்தில்தான். களத்தில் ஒரு பையனை ஒரு பூத்துக்கு அனுப்பினால் அங்கேயே இருபத்தைந்து பேரைக் கேட்டு முடித்துவிட்டு வரச் சொல்வோம், இல்லாவிட்டால் பஸ் செலவுக்கே பட்ஜெட் போதாது. ஒரே பூத்தில் வாக்களிப்பவர்கள் ஒரே தெருக்காரர்கள், பல நேரம் ஒரே சாதிக்காரர்கள், ஒரே கவுன்சிலரிடம் தண்ணிக்குப் போய் நின்றவர்கள். இருபத்தைந்தாவது ஆள் சொல்லப்போவதில் பாதியை முதல் ஐந்து பேரே சொல்லிவிட்டிருப்பார்கள். எனவே இருநூறு பூத்தில் எடுத்த ஐயாயிரம் பேர், தனித்தனியாகப் பொறுக்கிய இரண்டாயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான் சமமாக நிற்பார்கள், சில நேரம் அதுவும் இல்லை. டிவி திரையின் கீழே 'சாம்பிள்: 5,000' என்று போடுவார்கள், எத்தனை பூத் என்று போட மாட்டார்கள். எனக்கு முதலில் வேண்டியது இரண்டாவது எண்தான்.

இதுவரை சொன்னது எல்லாம் கணக்குக்கு அடங்குகிற பிழை. அடங்காததுதான் பெரிய பிழை.

எக்ஸிட் போலில் விதி எளிது. வாக்களித்துவிட்டு வெளியே வருகிறவர்களில் ஒவ்வொரு பத்தாவது ஆளையும் நிறுத்த வேண்டும். சின்னங்கள் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து, டிக் போட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்ல வேண்டும். இப்போது நடப்பதைப் பாருங்கள். பத்தாவது ஆளாக ஒரு அம்மா வருகிறார், கூடவே நாலு பெண்கள், ஷேர் ஆட்டோ காத்துக்கொண்டிருக்கிறது. 'யாருக்குப் போட்டா உனக்கென்ன தம்பி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். சற்றுத் தள்ளிக் கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பையன் என்ன செய்வான்? பதினொன்றாவதாக வருகிற, நின்று பேசத் தயாராக இருக்கிற, கொஞ்சம் படித்த ஆண் ஒருவரைப் பிடிப்பான். சாயங்காலம் தாள்களை எண்ணினால் நூற்றுக்கு அறுபத்தைந்து ஆண்கள். அத்தோடு மதியத்துக்குள் ஒதுக்கீட்டை முடித்துவிட்டுக் கிளம்புகிற பையன்களும் உண்டு, மாலை நான்கு மணிக்கு மேல் வேலை முடிந்து வந்து வரிசையில் நின்றவர்கள் அவர்கள் சாம்பிளில் இருக்கவே மாட்டார்கள்.

2016-ல் தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெண்கள் ஆண்களைவிடச் சற்று அதிகம். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பெண்களில் 45 சதவீதம் அதிமுக, 36 திமுக கூட்டணி. ஆண்களில் 36 அதிமுக, 44 திமுக கூட்டணி. சாம்பிளில் 65 ஆண், 35 பெண் என்று அப்படியே கூட்டினால் அதிமுக 39.2, திமுக கூட்டணி 41.2. திமுக இரண்டு புள்ளி முன்னால். அதே தாள்களை ஆணும் பெண்ணும் பாதிப் பாதி என்று வெயிட் போட்டுக் கூட்டினால் அதிமுக 40.5, திமுக கூட்டணி 40. ஒரு வாக்காளர்கூட மனசு மாறவில்லை, ஜெயித்தவர் மாறிவிட்டார்! 2016-ல் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு புள்ளி வித்தியாசத் தேர்தலில் இப்படி ஒரு சாய்வு போதும் என்றுதான் சொல்கிறேன்.

சரி, வெயிட் போட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. பேசாமல் போன பெண்கள் பேசிய பெண்களைப் போலவே வாக்களித்தார்கள் என்ற ஊகத்தின் மேல்தான் வெயிட் நிற்கிறது. பேசாதவர்கள் ஒரு கட்சியின் பக்கம் அதிகமாக இருந்தால் எந்த வெயிட்டும் அவர்களை உள்ளே கொண்டுவராது, சாம்பிளைப் பெரிதாக்கினாலும் கொண்டுவராது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானையைக் கிளறியவருக்குத்தான். 2024 மக்களவைத் தேர்தலில் ஆக்சிஸ் மை இந்தியாவின் சாம்பிள் ஐந்தரை லட்சத்துக்கும் மேல். குறுக்குக் கணக்குப்படி பிழை ஒரு சதவீதத்தில் ஏழில் ஒரு பங்குதான். அவர்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 என்றார்கள், வந்தது 293. உத்தரப்பிரதேசத்தில் மட்டும் 67 முதல் 72 என்றார்கள், வந்தது 36. இவ்வளவு பெரிய சாம்பிளில் இவ்வளவு பெரிய சறுக்கல் என்றால், அது குலுக்கலின் பிழையாக இருக்கவே முடியாது.

அப்புறம் வாக்கை இடமாக மாற்றுகிற வேலை. ஐயாயிரம் பேரை 232 தொகுதிக்குப் பிரித்தால் தொகுதிக்கு இருபத்தொரு பேர், அதை வைத்து அந்தத் தொகுதியில் யார் ஜெயிப்பார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதனால் போன தேர்தல் முடிவை எடுத்து, மண்டலவாரியாக எந்தக் கட்சிக்கு எவ்வளவு கூடியிருக்கிறது, குறைந்திருக்கிறது என்று ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். அதற்குப் போன தேர்தலின் கூட்டணிகள் ஏறக்குறைய அப்படியே இருக்க வேண்டும். 2011-ல் தேமுதிகவும் இடதுசாரிகளும் அதிமுகவோடு, பாமகவும் விசிகவும் திமுகவோடு. 2016-ல் அதிமுக பெரிய துணை இல்லாமல் நின்றது, பாமக தனி, தேமுதிகவும் விசிகவும் இடதுசாரிகளும் மூன்றாவது அணி. 2014-ஐ எடுக்கலாம் என்றால் அதில் காங்கிரஸ் திமுகவோடு இல்லை. அடிப்படையே கிடையாது. ஒவ்வொரு தொகுதியிலும் தேமுதிக வாக்கு எத்தனை, பாமக வாக்கு எத்தனை என்று கணிப்பாளர் தன் அனுபவத்தை வைத்துப் பிரித்துப் போட வேண்டும், அங்கே கணக்கு முடிந்து ஊகம் ஆரம்பிக்கிறது.

அதனால்தான் இடங்களுக்குப் பக்கத்தில் போடுகிற ±11 போன்ற எண்ணை நான் பெரிதாக மதிப்பதில்லை. வாக்கு சதவீதத்தின் பிழைக்கு ஒரு சூத்திரம் உண்டு, இதற்கு அப்படி ஒன்று இல்லை. 140 ± 11 என்றால் அடிமட்டம் 129, வந்தது 98. நேர்மையாகப் போட்டிருந்தால் அன்று திமுகவுக்கு '90 முதல் 145' என்று போட்டிருக்க வேண்டும். எந்த சேனல் அதைக் காசு கொடுத்து வாங்கும்?

அடுத்த தேர்தலில் எக்ஸிட் போல் பார்க்கும்போது இடங்களைக் கொஞ்சம் மறைத்துவிட்டு வாக்கு சதவீதத்தைத் தேடுங்கள். அது தரப்படவில்லை என்றால் அந்தக் கணிப்பைச் சோதிக்க வழியே இல்லை, விட்டுவிடலாம். தந்திருந்தால், முதலிரண்டு அணிகளின் வித்தியாசத்தை எடுத்து, அறிவித்த பிழை வரம்பின் இரண்டு மடங்கோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறியதாக இருந்தால் திரையில் யாருக்கு மாலை போட்டாலும் அர்த்தம் 'தெரியவில்லை' என்பதுதான். பல நிறுவனங்கள் ஒரே மாதிரி சொல்வதை வைத்தும் ஏமாற வேண்டாம், அந்த அம்மா நிற்காமல் போனது எல்லா நிறுவனத்தின் பையனிடமிருந்தும்தான்.

2016-ல் சரியாகச் சொன்ன சி-வோட்டரைப் பற்றிக் கேட்பார்கள். 139 என்று சொல்லி 134 வந்தது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் ஒரு சதவீத வித்தியாசத்தில் ஒரே ஒரு முறை சரியாக வந்ததை வைத்து முறை சிறந்ததா, அதிர்ஷ்டமா என்று பிரிக்க முடியாது. 2016-ல் தவறிய ஆக்சிஸ் மை இந்தியா 2021-ல் திமுக கூட்டணிக்கு 175 முதல் 195 என்றது, வந்தது 159. எண்ணிக்கையில் அப்போதும் தவறுதான், வெற்றி யாருக்கு என்பதில் சரி. அந்த முறை இரு அணிகளுக்கும் இடையே வாக்கு வித்தியாசம் ஐந்தரைப் புள்ளிக்கு மேல்.