ஒரு ஆளை ரெண்டு தரம் எண்ணாதேங்கோ: எக்செல்லில டிக் எண்ணுற கதை

சாவகச்சேரிப் பக்கம் ஒரு மருத்துவ முகாம் முடிஞ்சு அந்தப் பட்டியல் எங்கட கைக்கு வந்தது. 60 பேர், ஆளுக்கொரு வரி, பக்கத்தில சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் எண்டு மூண்டு கொலம், ஆருக்கு எது கூடவோ அதில ஒரு டிக். எத்தினை பேரை கிளினிக்குக்கு அனுப்பவேணும் எண்டுதான் கேட்டவை.

வேலை செய்த தங்கச்சி ஒவ்வொரு கொலத்துக்கும் COUNTA போட்டுக் கூட்டினவ. 18, 22, 9, மொத்தம் 49. "அண்ணை, 49 கடிதம் அடிக்கட்டோ?" எண்டு கேட்டா. அது 49 டிக், 49 ஆக்கள் இல்லை. சீனி இருக்கிறவைக்குக் கனபேருக்கு பிரஷரும் இருக்கும், அவை ரெண்டு மூண்டு தரம் எண்ணுப்படுவினம். 60ஐ விடக் கூட வந்திருந்தா உடனே பிடிபட்டிருக்கும், 49 எண்டது பாக்க நியாயமான எண், அதாலதான் பயம்.

வரி வரியா எண்ணோணும். அதுக்கு இதுதான் ஃபோர்முலா:

```
=SUMPRODUCT(--((B2:B61="P")+(C2:C61="P")+(D2:D61="P")>0))
```

ஒவ்வொரு வரியிலயும் மூண்டு கொலத்தையும் கூட்டுது, டிக் இருந்தா 1 இல்லாட்டி 0. கூட்டுத்தொகை 1 ஆனாலும் 3 ஆனாலும் >0 எண்டதால அந்த ஆள் ஒருக்காத்தான். முன்னால இருக்கிற ரெண்டு கழித்தல் குறியும் TRUEஐ 1 ஆக்குது, அதை விட்டா விடை 0 எண்டு வரும். P ஏனெண்டா, டிக் போட்டது Wingdings 2 எழுத்தில, அதில பெரிய P தான் டிக்.

விடை 29. நான் அதோட நிப்பாட்டுறேல்லை, ஒரு டிக்கும் இல்லாத ஆக்களையும் எண்ணிப் பாப்பன்:

```
=COUNTIFS(B2:B61,"",C2:C61,"",D2:D61,"")
```

அதுவும் 29. கூட்டினா 58, ஆனா ஆக்கள் 60, அப்ப ரெண்டு பேர் எங்க? ஃபில்டர் போட்டுத் தேடினா ஒரு வரியில டிக் மாதிரியே தெரியுது, செல்லைக் கிளிக் பண்ணி மேல ஃபோர்முலா பாரைப் பாத்தா ü எண்டு நிக்குது. ஆரோ சும்மா Wingdingsஇல போட்டிருக்கினம், அதில டிக்குக்கு எழுத்து வேற. மற்ற வரியில Pக்குப் பின்னால ஒரு ஸ்பேஸ், கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு பேருக்கும் அந்த ஒரு டிக்தான், விட்டிருந்தா ரெண்டு பேருக்கும் கடிதமே போயிருக்காது.

"P"ஐ விட்டிட்டு <>"" எண்டு போட்டா என்னெண்டு சிலபேர் கேப்பினம். உந்த ரெண்டு வரியும் பிடிபடும்தான், ஆனா வெறும் ஸ்பேஸ் தட்டுப்பட்ட செல்லும் டிக் எண்டு எண்ணுப்படும், வருத்தம் இல்லாத ஆளுக்குக் கடிதம் போகும். எனக்கு ="P" எண்டு போட்டு, வராததைத் தேடிப் பிடிக்கிறதுதான் விருப்பம்.

ரெண்டையும் திருத்தினாப் பிறகு 31, டிக் இல்லாதவை 29, சரியா 60. அந்த 31இல 17 பேருக்கு ஒண்டு, 10 பேருக்கு ரெண்டு, 4 பேருக்கு மூண்டும், அதைக் கூட்டினா பழைய 49. தங்கச்சி 31 கடிதம் அடிச்சா.