அடையாள அட்டையில் மங்கிய முகம்: எது சொந்தம், எது கடன்?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த ஒருவரின் 1983ஆம் ஆண்டு தொழிற்சாலை அட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகவரியில் தர்மபுரி மாவட்டம் என்றுதான் இருக்கும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப் சைஸ் கலர் போட்டோ செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. கண், மூக்கு இருக்கும் இடம் தெரிகிறது. ஆள் யாரென்று தெரியவில்லை. போதாததற்குத் தாடைமேல் ஊதா மையில் அலுவலக முத்திரை.

இந்த முகத்தைத் தெளிவாக மீட்க வேண்டும். முதலில் நிறம் ஏன் இப்படி ஆனது என்று பார்ப்போம். கலர் பிரிண்டில் சயான், மஜெந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். அந்தக் காலத்துத் தாள்கள் பலவற்றில், வெயில் படாமல் பீரோவுக்குள் கிடந்தாலும் முதலில் சிதைவது சயான்தான். அதன் வேலை சிவப்பு ஒளியை விழுங்குவது. அது போனதும் சிவப்பு தடையில்லாமல் திரும்பி வருகிறது, படம் சிவக்கிறது. எனவே ஸ்கேன் செய்து சிவப்பு, பச்சை, நீலம் என்று சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்தால், சிவப்பில் முகம் கிட்டத்தட்ட வெளுத்திருக்கும். பச்சை ஒளியை விழுங்கும் மஜெந்தா பதிவு செய்த பச்சை சேனலில் முகம் பெருமளவு பிழைத்திருக்கும். அதையே கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கல், ஊதா மை பச்சை ஒளியைத்தான் விழுங்கும். முகம் நன்றாகத் தெரியும் சேனலில் முத்திரையும் பளிச்சென்று நிற்கிறது. அதனால் தாடைப் பகுதிக்கு மட்டும் வெளுத்த சிவப்பு சேனலுக்குப் போய், அதன் கான்ட்ராஸ்டை ஏற்ற வேண்டும். அங்கே முத்திரை மங்கல். புள்ளி புள்ளியாகத்தான் வரும். ஆனால் தாடையின் வடிவம் கிடைத்துவிடும். லேமினேஷனைப் பிரித்தால் தெளிவாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். படம் பிளாஸ்டிக்கோடு உரிந்து வந்துவிடும்.

இந்தக் கட்டத்தில் பலர் செல்போன் செயலியில் போட்டுவிடுகிறார்கள். ஒரு நொடியில் கண்ணிமை வரை தெளிவான முகம் வரும், ஆனால் மனைவிக்கே அடையாளம் தெரியாது. காரணம், அந்த மென்பொருள் முன்பே பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான முகங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்புகிறது. பலவும் பழகுவது FFHQ என்ற தொகுப்பில். அதில் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள். நம் ஆள் அதில் இல்லை. ஒரே மங்கல் படத்துக்குப் பொருந்தும் தெளிவான முகங்கள் எத்தனையோ உண்டு. எது இவருடையது என்று சொல்ல இவருடைய வேறு படங்கள்தான் வேண்டும்.

வீட்டில் தேடினால் இரண்டு கிடைக்கின்றன: 1978 கல்யாணப் படம், 1995இல் ஊர்த் திருவிழாவில் எடுத்தது. நேராகப் பார்க்கிற, அட்டையில் உள்ள அதே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுகிற படமே உதவும். கல்யாணப் படத்தில் சட்டைப்பை அவருடைய வலது மார்பில் இருந்தால் நெகட்டிவைத் திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். யாருடைய முகமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்காது.

பிறகு கண்ணோரங்கள், மூக்கு நுனி, வாயோரங்களைப் புள்ளி வைத்துத் துணைப்படத்தை அட்டைப் படத்தின்மேல் பொருத்த வேண்டும். பெரிய வெளிச்சம், நிழல், முகச் சாய்வு எல்லாம் அட்டையிலிருந்தே வரட்டும். துணைப்படத்திலிருந்து நுண்விவரத்தை மட்டும் எடுக்கலாம்: துணைப்படத்தின் ஒரு நகலை மங்கலாக்கி, அந்தத் துணைப்படத்திலிருந்தே கழித்தால் எஞ்சுவது அதுதான். கண், உதட்டுக் கோடு, புருவ முடி என்று பகுதி பகுதியாக அதைச் சேர்க்கலாம். தோலையும் முடியையும் வயதில் நெருக்கமான கல்யாணப் படத்திலிருந்து எடுப்பது நல்லது. 1995 படம் கண்ணின் அமைப்புக்கு மட்டும்.

என் பார்வையில், இந்த வேலையின் உயிர் அடுத்து வரும் சோதனையில் இருக்கிறது. முடித்த படத்தை அட்டை அளவுக்கு மறுபடி மங்கலாக்கி, வெளுப்பாக்கி, அட்டையின் பச்சை சேனலிலிருந்து கழித்துப் பாருங்கள். முத்திரை விழுந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெறும் பொரிப்பொரியான சாம்பல் மிஞ்சினால் சரி. ஏதாவது வடிவம் தெரிந்தால் அங்கே அட்டைக்கு மாறாக எதையோ வரைந்திருக்கிறோம். இந்த வேலையில் உதட்டுக்கு மேல் ஒரு பட்டை தெரிந்தால், கல்யாணத்தில் வைத்திருந்த அடர்த்தியான மீசை அப்படியே ஏறிவிட்டது என்று பொருள். 1983இல் அதைக் கத்தரித்திருக்கிறார். மீசையின் அகலத்தை அட்டைக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

அட்டையால் பதில் சொல்லவே முடியாத இடங்களும் உண்டு. ஸ்டாம்ப் சைஸ் படத்தில் முகம் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். கன்னத்தில் 3 மி.மீ. மச்சம் இருந்தால் படத்தில் அது கால் மி.மீ.; பழைய பிரிண்டின் கரகரப்பில் கரைந்துபோகும். சோதனையும் அதைக் கண்டுபிடிக்காது. 1978, 1995 இரண்டிலும் அதே இடத்தில் மச்சம் இருந்தால் வைக்கலாம். 1995இல் மட்டும் தெரிகிற நெற்றித் தழும்பை வைக்கக் கூடாது, அது எப்போது வந்தது என்று வீட்டில் ஒருவருக்காவது நினைவிருந்தால் தவிர.