மேலே தூக்க ஆளில்லாத எட்டுக் கால்கள்: 8051இன் P0 போர்ட்

சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் பழுதுபார்ப்புக் கடைக்குச் சென்ற மாதம் போலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து ஒரு சர்க்யூட் பலகையைக் கொண்டு வந்தார். அவருடைய குடும்பம் இருக்கும் செம்பனைத் தோட்டத்து லயத்தின் பின்புறம் ஒரு பொதுத் தண்ணீர்த் தொட்டி உண்டு. அதன் மட்டம் இறங்கும்போது பம்பைத் தானாக இயக்கி, நிறைந்ததும் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். மூளையாக 8051 என்ற மைக்ரோகன்ட்ரோலர் குடும்பத்தைச் சேர்ந்த ஏடி89எஸ்52 சிப்பை வைத்திருந்தார். மட்டத்தைக் காட்டும் நான்கு எல்இடி விளக்குகளும் பம்புக்கான ரிலேயும் P0 என்ற ஒரே போர்ட்டில் இணைக்கப்பட்டிருந்தன. விளக்குகள் ஒழுங்காக எரிந்து அணைந்தன. ரிலே மட்டும் ஒருமுறைகூட 'டிக்' என்று சொல்லவில்லை.

“அண்ணே, புரோகிராம் சரியாத்தான் இருக்கு. ரிலேயை மாத்திப் பார்த்தேன், டிரான்சிஸ்டரையும் மாத்திப் பார்த்தேன்” என்றார்.

ரிலே இயங்காததற்குப் புரோகிராம் காரணமில்லை, எந்த உறுப்பும் கெடவில்லை. ஒரே போர்ட்டில் விளக்கு எரிவதும் ரிலே இயங்காததும் அந்தப் போர்ட்டின் உள்ளமைப்பிலிருந்து நேராக வரும் விளைவு.

இன்டெல் நிறுவனம் 1980இல் வெளியிட்ட 8051, 40 கால்கள் கொண்ட சிப். அவற்றில் 32 கால்கள், எட்டெட்டாக P0, P1, P2, P3 என நான்கு போர்ட்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு காலுக்கும் பின்னால் ஒரு லாட்ச் இருக்கிறது. புரோகிராம் எழுதும் 0 அல்லது 1 அங்கேதான் தங்குகிறது. அந்த லாட்ச், காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே உள்ள கீழ் டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்துகிறது. 0 எழுதினால் அது திறந்து, காலைக் கிரவுண்டோடு பிணைத்துவிடுகிறது. இந்த அளவில் நான்கு போர்ட்டுகளும் ஒன்றே. 1 எழுதும்போதுதான் P0 தனி வழியில் போகிறது.

P1, P2, P3 ஆகிய மூன்றிலும் 1 எழுதினால் கீழ் டிரான்சிஸ்டர் மூடிக்கொள்ள, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் காலை 5 வோல்ட்டை நோக்கித் தூக்கிவிடுகிறது. இது ஒரு சாதாரண மின்தடை அன்று. 0விலிருந்து 1க்கு மாறும் கணத்தில் ஒரு வலுவான டிரான்சிஸ்டர் கிரிஸ்டலின் இரண்டு துடிப்பு நேரத்துக்கு மட்டும் காலை உதைத்து மேலே ஏற்றுகிறது. அதன்பின் வலுக்குறைந்த டிரான்சிஸ்டர்கள் அந்த நிலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. P0விலும் ஒரு மேல் டிரான்சிஸ்டர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிப் வெளி நினைவகத்தோடு பேசும் நேரத்தில் மட்டுமே அது வேலை செய்யும். P0வைச் சாதாரண போர்ட்டாகப் பயன்படுத்தினால், புரோகிராம் என்ன எழுதினாலும் அது மூடியே கிடக்கும். ஆகவே P0வில் 1 எழுதுவதன் பொருள், கீழ் டிரான்சிஸ்டரும் கையை விட்டுவிடுகிறது என்பது மட்டுமே. அந்தக் கால் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் மிதக்கிறது. இத்தகைய அமைப்பை ஓப்பன் டிரெயின் என்பார்கள்.

இவ்வளவு தெரிந்தால் தம்பியின் பலகை புரிந்துவிடும். விளக்குகளை அவர் 5 வோல்ட்டிலிருந்து ஒரு மின்தடை வழியாகக் காலுக்கு இணைத்திருந்தார். எரிய வேண்டியபோது கால் மின்னோட்டத்தைக் கிரவுண்டுக்கு இழுத்தால் போதும். அதைக் கீழ் டிரான்சிஸ்டர் நன்றாகவே செய்யும். ரிலேயை ஓட்டும் பிசி547 டிரான்சிஸ்டருக்கோ, காலிலிருந்து மின்னோட்டம் வெளியே வந்து பேஸுக்குள் போக வேண்டும். அதைக் கொடுக்க உள்ளே ஆளில்லை.

அப்படியானால் வடிவமைத்தவர்கள் ஏன் P0வுக்கும் ஒரு புல்-அப் வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றும். வெளி நினைவகத்தை முகவரியிட 16 கோடுகளும், தரவுக்கு எட்டுக் கோடுகளும் வேண்டும். 40 கால்களுக்குள் எல்லாவற்றையும் அடக்குவதற்காக, P0வின் எட்டுக் கால்களையே இரண்டு வேலைக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார்கள். முதலில் முகவரியின் கீழ்ப் பாதி P0வில் வெளிவருகிறது. ஏஎல்இ என்ற கால் தரும் சைகையைக் கொண்டு, வெளியே உள்ள 74373 போன்ற லாட்ச் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேல் பாதியை P2 தருகிறது. முகவரியைச் சொன்ன கையோடு, படிக்கும் வேலையாக இருந்தால், P0 வாயை மூடிக்கொண்டு முழுவதுமாக விலக வேண்டும். ஏனென்றால் அதே கம்பியில் அடுத்துப் பேசப்போவது நினைவகச் சிப். விலகுவது எவ்வளவு முக்கியமோ, பேசும்போது உரக்கப் பேசுவதும் அவ்வளவு முக்கியம்: பஸ் எனப்படும் இந்தப் பொதுக் கம்பிகளில் 1 வேகமாக எழ வேண்டுமானால் வலுவான மேல் டிரான்சிஸ்டர் வேண்டும், சோம்பேறிப் புல்-அப் உதவாது. ஆகவே பஸ் வேலைக்கென ஒரு வலுவான மேல் டிரான்சிஸ்டரை வைத்து, மற்ற நேரத்தில் அதை அணைத்துவிட்டார்கள். இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். இடத்தைச் சிக்கனமாகப் பங்கிட்டதன் விலை இது. P0 பஸ்ஸாக ஓடும் சர்க்யூட்டில் அந்த ஓட்டத்துக்கு வெளிப் புல்-அப் தேவையில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். போர்ட்டாக மாறும்போதுதான் தேவை எழுகிறது.

கால் மிதக்கிறதா என்று அறிய மல்டிமீட்டரை மட்டும் நம்பக்கூடாது. எதுவும் இணைக்காத P0 காலில் மீட்டர் முனையை வைத்தால் எண்கள் அலையும். விரலை அருகே கொண்டுபோனாலே மாறும். உறுதியான சோதனை ஒன்று உண்டு. காலில் 1 எழுதிவிட்டு, 100 கிலோஓம் மின்தடை ஒன்றைக் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே பிடிக்க வேண்டும். P1 காலாக இருந்தால் 2.4 வோல்ட்டுக்குக் குறையாது. அந்த வோல்ட்டில் 60 மைக்ரோஆம்பியராவது தர முடியும் என்று சிப்பின் தரவுத்தாள் உறுதி சொல்கிறது, 100 கிலோஓம் கேட்பதோ 24 மட்டுமே. P0 காலாக இருந்தால் பூச்சியத்தை ஒட்டி இறங்கிவிடும். தம்பியின் கண் முன்னால் இதைச் செய்து காட்டியபோது, அவர் P1க்கும் P0வுக்கும் இடையே மின்தடையை மூன்று முறை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

இனி வெளிப் புல்-அப்பின் மதிப்பு. பல பலகைகளில் P0வுக்கு அருகே ஒன்பது கால்கள் கொண்ட 10 கிலோஓம் மின்தடைப் பொதி ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். இன்னொரு சிப்பின் உள்ளீட்டுக்கு 1 காட்டுவதற்கு அது போதும்: காலின் கசிவு அதிகபட்சம் 10 மைக்ரோஆம்பியர் என்பதால் இழப்பு 0.1 வோல்ட்டைத் தாண்டாது. ஆனால் ரிலேக்கு அது போதாது. அவருடைய 5 வோல்ட் ரிலேயின் சுருள் 70 ஓம். அதற்கு ஏறத்தாழ 71 மில்லிஆம்பியர் வேண்டும். 10 கிலோஓம் வழியாகப் பேஸுக்குப் போவது 0.43 மில்லிஆம்பியர்தான், டிரான்சிஸ்டர் அதை 165 மடங்கு பெருக்கினால்தான் ரிலே இழுக்கும், முழுமையாகத் திறக்கவும் திறக்காது. 2.2 கிலோஓம் வைத்து, பேஸை நேரே காலில் இணைத்தால் 1.95 மில்லிஆம்பியர் கிடைக்கும். 36 மடங்கு பெருக்கம் போதும். இங்கே புல்-அப்பே பேஸ் மின்தடையாகவும் வேலை செய்கிறது. 0 எழுதும்போது இதே மின்தடை வழியாக வரும் சுமார் 2 மில்லிஆம்பியரைக் கால் விழுங்க வேண்டும். P0 கால் 3.2 மில்லிஆம்பியரை விழுங்கும்போதும் 0.45 வோல்ட்டுக்கு மேல் ஏறாது என்பதால் அதுவும் சரி. மதிப்பை இன்னும் குறைத்துக்கொண்டே போகக் கூடாது. எட்டுக் கால்களும் சேர்ந்து 26 மில்லிஆம்பியருக்கு மேல் விழுங்கக் கூடாது என்பது இந்தச் சிப்பின் எல்லை, விளக்குகளின் பங்கும் அதிலேயே அடங்கும்.

2.2 கிலோஓம் வைத்ததும் ரிலே இழுத்தது. ஆனால் மட்ட விளக்கு மாறிய அடுத்த நொடியே, தொட்டி நிறையாமலே பம்ப் நின்றது. அவர் விளக்கை அணைத்த முறை இது:

```
MOV A, P0
ORL A, #10H
MOV P0, A
```

P0வைப் படிக்கும் `MOV`, லாட்சைப் பார்ப்பதில்லை. காலில் உண்மையில் உள்ள வோல்ட்டைப் பார்க்கிறது. ரிலே இயங்கும்போது அந்தக் காலைப் பிசி547இன் பேஸ் 0.7 வோல்ட்டிலேயே பிடித்து வைத்திருக்கிறது. 0.9 வோல்ட்டுக்குக் கீழே எதுவும் சிப்புக்கு 0தான். ஆகவே லாட்சில் 1 இருந்தும் 0 என்று படித்து, அதையே திருப்பி எழுதி, பம்பைத் தானே நிறுத்திவிடுகிறது. இதற்கு மாற்று ஒரே வரி:

```
ORL P0, #10H
```

படித்து, மாற்றி, திரும்ப எழுதும் இத்தகைய கட்டளைகள் காலை விட்டுவிட்டு லாட்சைப் படிக்கின்றன. `SETB`, `CLR`, `CPL` போன்றவையும் அப்படியே. டிரான்சிஸ்டர் பேஸை ஓட்டும் கால்களில் ஏற்படும் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே இந்த இரட்டை வழி வைக்கப்பட்டது.

அதன் பிறகும் ஒன்று எஞ்சியது. மின்சாரம் வந்த உடனே, புரோகிராம் தொடங்குவதற்கு முன்பே, ரிலே ஒருமுறை துள்ளி அடங்கியது. ரீசெட்டில் எல்லாப் போர்ட் லாட்சுகளும் 1 ஆகிவிடுவதால், புல்-அப் உள்ள P0 கால் உயர்ந்து, டிரான்சிஸ்டர் திறந்துவிடுகிறது. மழைக்காலத்தில் மின்சாரம் விட்டு விட்டு வரும் தோட்டத்தில், நிறைந்த தொட்டிக்கு ஒவ்வொரு முறையும் பம்ப் உதறுவது நல்லதன்று.

முடிவில் பிசி547ஐக் கழற்றிவிட்டு, அதன் எதிர்வகையான பிசி557ஐ வைத்தோம். எமிட்டர் 5 வோல்ட்டில், சுருள் கலெக்டருக்கும் கிரவுண்டுக்கும் இடையே, குறுக்கே வழக்கமான டையோடுடன், பேஸிலிருந்து 2.2 கிலோஓம் வழியாக P0 காலுக்கு. பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோஓம். இப்போது 0 எழுதினால் கால் பேஸைக் கீழே இழுத்து ரிலேயை இயக்குகிறது, 1 எழுதினால் அந்த 10 கிலோஓம் பேஸை மேலே பிடித்து அணைக்கிறது. அதாவது அதுவே புல்-அப், வேறொன்று தேவைப்படவில்லை. ரீசெட்டில் எல்லாம் 1 என்பதால் ரிலே அசையவில்லை. புரோகிராமில் மாற்ற வேண்டியிருந்தது, பம்பை இயக்கும் `SETB`ஐ `CLR` என்றும் நிறுத்தும் `CLR`ஐ `SETB` என்றும் திருத்துவது மட்டுமே. தம்பி சுவிட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு, பலகையை மறுபடியும் சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.