கோடு தாழ்ந்தால் இலை உதிர்ந்ததாகப் பொருளா?

ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி எப்போது துளிர்க்கிறது, எப்போது காய்கிறது என்று அறிய, செயற்கைக்கோள் படங்களிலிருந்து பசுமைக் குறியீட்டைக் கணக்கிடுகிறோம். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இலையின் உள்திசுவோ அண்மை அகச்சிவப்பைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் இந்த இரண்டு ஒளியின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் NDVI என்ற குறியீடு. இதில் NIR என்பது அண்மை அகச்சிவப்பு, Red என்பது சிவப்பு:

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

அடர்ந்த இலைப்பரப்பு சிவப்பில் 5 விழுக்காடும் அண்மை அகச்சிவப்பில் 40 விழுக்காடும் திருப்பி அனுப்பினால், மதிப்பு 0.78. வெற்று மண்ணுக்கு ஏறத்தாழ 0.1 முதல் 0.2 வரை. தண்ணீருக்குப் பெரும்பாலும் சுழிக்குக் கீழே போகும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் பிக்சலில் ஏறத்தாழ 5 நாளுக்கு ஒரு படம் தருகின்றன. ஆண்டு முழுவதற்குமான மதிப்புகளை வரிசையாக வைத்தால் பருவம் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு தாழும் இடமெல்லாம் இலை உதிர்ந்த இடம் என்று நம்பிவிடக் கூடாது.

மேகம் இரண்டு ஒளியையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால் மதிப்பைச் சுழியை நோக்கி இழுத்துவிடும். இதை அடையாளம் காண்பது எளிது. ஒரு படத்தில் 0.7-லிருந்து 0.2-க்கு விழுந்து, அடுத்த படத்திலேயே 0.7-க்கு ஏறினால் அது மேகம்தான். எந்தக் காடும் 5 நாளில் உதிர்ந்து துளிர்ப்பதில்லை. அதனால் மேகப் பிக்சல்களை முதலில் நீக்கிவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மிக உயர்ந்த மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்வது வழக்கம்.

இன்னொரு வீழ்ச்சி மீளவே மீளாது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் எண்ணுடனும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. அதைக் கழிக்காவிட்டால் மேலே சொன்ன இலைப்பரப்பில் 5 விழுக்காட்டைக் குறிக்கும் 500 என்பது 1500 ஆகும், 40 விழுக்காட்டைக் குறிக்கும் 4000 என்பது 5000 ஆகும், குறியீடு 0.78-லிருந்து 0.54-க்கு இறங்கிவிடும். நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் ஒரே நாளில் காய்ந்ததுபோல் தோன்றும். வீழ்ச்சி எல்லா நிலத்திலும் அந்த ஒரே தேதியில் தொடங்குகிறதா என்று பார்த்தாலே குட்டு வெளிப்படும்.

என்னைக் கேட்டால், இவற்றைவிட ஏமாற்றுவது சராசரிதான். பரப்பில் பாதி இலையுதிர் காடு, பாதி பாசன வயல் என்று வைத்துக்கொள்வோம். கோடையில் காடு 0.8-லிருந்து 0.4-க்கு இறங்குகிறது, அதே காலத்தில் பயிர் 0.3-லிருந்து 0.7-க்கு ஏறுகிறது. முன்பும் சராசரி 0.55, பின்பும் 0.55. இரண்டு பெரிய மாற்றங்கள் ஒன்றையொன்று அழித்து, எதுவுமே நடக்காததுபோல் நேர்கோடு போட்டுவிடுகின்றன!

எனவே நிலப்பயன்பாட்டு வரைபடத்தை மேலே வைத்து, காட்டுக்கும் வயலுக்கும் தனித்தனிக் கோடு வரைய வேண்டும். பிறகு காடு 0.4-லிருந்து மீண்டும் ஏறும்போது பாதி உயரமான 0.6-ஐத் தாண்டும் நாளை அதன் துளிர்நாளாகக் குறித்துக்கொள்ளலாம்.