ஒரு சதவீதம்தானே என்று காம்போசிஷனுக்குப் போகும் முன்

மே மாதக் கடைசியில் ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்காரர் வந்தார். மார்ச்சில் யாரோ சொன்னார்கள் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து CMP-02 விண்ணப்பம் போட்டு, ஜிஎஸ்டியில் ரெகுலர் முறையிலிருந்து, சிறு வியாபாரிகள் குறைந்த சதவீதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்துக்கு மாறிவிட்டார். ஏன் மாறினீர்கள் என்று கேட்டேன். "18 சதவீதம் கட்டுறதுக்கு ஒரு சதவீதம் கட்டுனா போதும்ல சார்?" இந்த வருடம் இதே பதிலைச் சொன்ன நான்காவது ஆள் இவர். அதனால்தான் எழுதுகிறேன்.

18 சதவீதத்தை நீங்கள் கட்டுவதே இல்லை. வாங்கும்போது கொடுத்த வரியை இன்புட்டாகக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கட்டுகிறீர்கள். காம்போசிஷனில் அந்த இன்புட் கிடையாது, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கவும் கூடாது. அந்த ஒரு சதவீதம் உங்கள் லாபத்துக்கு அல்ல, கல்லாவில் விழும் மொத்த விற்பனைக்கு. இதைப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிடுகிறது, கணக்காகவே போட்டுவிடுகிறேன்.

1,000 ரூபாய் சரக்கு, 18 சதவீத வரி. 1,180 கொடுத்து வாங்குகிறீர்கள். 200 ரூபாய் லாபம் வைத்து 1,200, அதன்மேல் வரி 216, ஆக 1,416க்கு விற்கிறீர்கள். ரெகுலரில் கையிலிருந்து கட்டுவது 216 கழித்தல் 180, வெறும் 36 ரூபாய். காம்போசிஷனில் அதே 1,416க்கு விற்றால் 14 ரூபாய். ஆக, வீட்டுக்கு வாங்குகிற சாதாரண வாடிக்கையாளர்தான் வருகிறார் என்றால் காம்போசிஷன் லாபம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது ரெடிமேட் கடையைப் பாருங்கள். 2,500 ரூபாய்க்கு மேல் போகாத உடுப்புக்கு 5 சதவீதம். 1,000 ரூபாய் சரக்கை 1,050க்கு வாங்கி, 150 லாபம் வைத்து, வரியோடு 1,207.50க்கு விற்றால் ரெகுலரில் கட்டுவது 7.50. காம்போசிஷனில் 12 ரூபாய்! "குறைந்த வரி" என்று போன இடத்தில் கூடுதலாகக் கட்டுகிறீர்கள். 5 சதவீதச் சரக்கில் வாங்கின விலைமேல் ஏறக்குறைய 27 சதவீதத்துக்கு மேல் லாபம் வைத்தால்தான் காம்போசிஷன் கட்டுப்படியாகும். 18 சதவீதச் சரக்குக்கு 7 சதவீதம் வைத்தாலே போதும்.

சரி, எலக்ட்ரிக்கல் கடைக்காரருக்கு வருவோம். 18 சதவீதச் சரக்கு, நல்ல லாபம், அப்புறம் எங்கே அடி? அவர் விற்பனையில் பாதிக்கு மேல் கான்ட்ராக்டர்களுக்கு. ரெகுலர் கடையில் 1,416 கொடுக்கும் கான்ட்ராக்டர் 216ஐ இன்புட்டாக எடுத்துக்கொள்வார், அவருக்கு அடக்கம் 1,200தான். காம்போசிஷன் கடை கொடுக்கும் பில்லில் வரியே இருக்காது, எடுக்க ஒன்றுமில்லை. அவரைப் பிடித்து வைக்க 1,200க்கே விற்றால் என்ன ஆகும்? வாங்கியது 1,180, வரி 12, மிச்சம் 8 ரூபாய். 200 வர வேண்டிய இடத்தில் 8! ஏப்ரலிலேயே இரண்டு கான்ட்ராக்டர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்களாம், ஏன் போனார்கள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய அடி கையிருப்புச் சரக்கில். மார்ச் 31 அன்று கடையில் இருந்த ஸ்டாக் வரி நீங்கலாக 9 லட்சம். அதற்கு ஏற்கெனவே எடுத்த இன்புட் 1,62,000 ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டும். நிதியாண்டு தொடங்கி 60 நாளுக்குள் அதற்கான ITC-03 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அவர் வந்தபோது நான்கு நாள்தான் மிச்சம். விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

திரும்ப ரெகுலருக்கு வர CMP-04 போடலாம், வந்த பிறகு 30 நாளுக்குள் ITC-01 போட்டு இருக்கும் ஸ்டாக்குக்கு இன்புட் கேட்கலாம். அவருக்கும் அதைத்தான் செய்தோம். ஆனால் நடுவில் போன வாடிக்கையாளரை எந்தப் படிவம் போட்டும் கூட்டிவர முடியாது.

ரிட்டர்ன் தொல்லை தாங்காமல் மாறுகிறேன் என்பவர்களுக்கு ஒன்று. 5 கோடிக்குள் விற்பனை இருந்தால் ரெகுலரிலேயே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் QRMP வசதி இருக்கிறது. பணம் மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டும். அதைக் கேட்காமலே ஓடாதீர்கள். பக்கத்து மாநிலத்துக்குச் சரக்கு விற்பவராக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், காம்போசிஷனில் அதற்கு அனுமதி இல்லை. வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், விற்கக் கூடாது.

மாறுவதென்றால் மார்ச் 31க்குள் விண்ணப்பிக்க வேண்டும். தயவுசெய்து பிப்ரவரியிலேயே போன வருட விற்பனை பில்களை எடுத்து, வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் இருப்பவற்றைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். ஸ்டாக்கையும் எண்ணி, அதில் எவ்வளவு இன்புட் நிற்கிறது என்று எழுதுங்கள். இந்த இரண்டு தொகையையும் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் போங்கள், பக்கத்துக் கடைக்காரரிடம் போகாதீர்கள்.